கெடு நீட்டிப்பா, கட்டி எடுப்பதா, கடன் மாற்றமா? சம்பா சாவியான பிறகு வங்கிக்கு எழுதிய கதை

கல்லல் பக்கம் ஒரே கண்மாயின் ஆயக்கட்டில் பயிர் வைக்கும் பதினான்கு பேர் நாங்கள். புரட்டாசி முதல் வாரம் புழுதியில் நேரடியாக விதைத்தோம். ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகை நடுவில் மழை நின்றது, அதற்குப் பிறகு துளி இல்லை. கண்மாய்க்கு வந்த தண்ணீர் கலுங்கு வரை ஏறவே இல்லை. மார்கழி பிறந்து சில நாட்களில் மடையில் தண்ணீர் நின்றுவிட்டது. கதிர் வெளியே வந்தது, பால் பிடிக்கவில்லை. தை மாதம் அறுத்தபோது பாதிக்கு மேல் மணி பிடிக்காத சாவி.

பதினான்கு பேருக்கும் ஒரே அரசுடைமை வங்கிக் கிளையில் கிசான் கிரெடிட் கார்டு கடன் இருந்தது. கையில் பணம் இல்லை. கெடு செப்டம்பரில். என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசியபோது மூன்று வழிகள் தெரிந்தன. ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான், நாங்கள் முதலில் கேட்க நினைத்தது மூன்றிலும் மோசமானது என்று புரிந்தது. எங்களைப் போல உட்கார்ந்திருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு உதவட்டும் என்று அந்தக் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

எளிதாக இருக்க, மூன்று ஏக்கருக்கு ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கிய ஒருவரை வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் முழுதாகக் கட்டினால் 3 சதவீதம் ஊக்கத்தொகையாகத் திரும்பும், ஆக 4 சதவீதம்தான். இந்த 4 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனால் அது கையை விட்டுப் போகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

முதலில் நாங்கள் எழுத நினைத்தது "கெடுவை ஓராண்டு நீட்டித்துத் தாருங்கள்" என்ற மனு. ஊரில் எல்லோரும் சொல்வதும் இதைத்தான். கிளையிலும் வாய்வார்த்தையாக, "சரி, வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள், அசலை அடுத்த அறுவடையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்பது வேறு, கணினியில் கெடு தேதி மாறுவது வேறு. கெடு தாண்டிய மறுநாளே அந்தக் கணக்கு நிலுவை. 3 சதவீத ஊக்கம் போய்விடும். அரசின் வட்டி மானியமும் ஓராண்டோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு வங்கியின் வழக்கமான வட்டியும் அபராதக் கட்டணமும் ஓடும். குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். அப்புறம் புதுக் கடன் கிடையாது, சிபில் மதிப்பெண்ணும் விழும்.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அடுத்த ஆண்டும் மழை பொய்த்தால், பேரிடர் நடந்த சமயத்தில் ஏற்கெனவே நிலுவையில் இருந்த கடன் மறுசீரமைப்புக்கு, அதாவது மூன்றாவது வழியான கடன் மாற்றத்துக்கு, தகுதி பெறாது. வாய்வார்த்தை நீட்டிப்பை நம்பியிருப்பவர், நிஜமான நிவாரணம் வரும் நாளில் வரிசைக்கு வெளியே நிற்பார். எங்களில் இரண்டு பேருக்கு அதுதான் நடந்தது. முந்தைய ஆண்டு "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டது, இந்த ஆண்டு அவர்களைத் தகுதியிலிருந்து தள்ளிவிட்டது. அவர்கள் வயலில்தான் சேதம் அதிகம் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இரண்டாவது வழி, கட்டி எடுப்பது. கெடுவுக்கு முன்னால் முழுப் பணத்தையும் கட்டி, அதே வரம்பிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்வது. வட்டி 7,000 ரூபாய், அதில் 3,000 ஊக்கமாகத் திரும்பும். நிகரச் செலவு 4,000. ஆனால் 1,07,000 ரூபாயைச் சில நாளுக்காவது புரட்ட வேண்டும். செட்டிநாட்டில் வட்டிக்குப் பணம் கிடைப்பது கஷ்டமில்லை. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால், பத்தே நாள் வைத்திருந்தாலும் ஒரு மாத வட்டியை எடுத்துக்கொள்வார்கள், அது 2,140. ஆக மொத்தம் 6,140 ரூபாயில் ஓராண்டு நகர்ந்துவிடும். 4 சதவீதத் தகுதியும் கெடாது, அடுத்த பருவத்துக்கு முழு வரம்பும் கையில் இருக்கும்.

இதில் கண்ணி எங்கே என்றால், கார்டின் ஐந்தாண்டுக் காலத்தில். வரம்பு இன்னும் முடியாமல் இருந்தால், கட்டிய பணத்தை ஓரிரு நாளில் திரும்ப எடுக்கலாம். ஐந்தாண்டு முடிகிற கட்டத்தில் இருந்தால் புதிதாக சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, கையெழுத்து என்று வாரக்கணக்கில் இழுக்கும். அத்தனை நாளும் வெளிவட்டி ஓடும். ஒரு லட்சத்தைக் கட்டிவிட்டு "மேலிடத்து அனுமதி வரவில்லை" என்று கேட்க நேர்ந்தால் அந்த வீடு அதோடு முடிந்தது. அதனால் பணம் புரட்டுவதற்கு முன் கிளையில் போய் வரம்பு எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். பாஸ்புத்தகத்தைப் பார்த்து நீங்களாக முடிவுக்கு வராதீர்கள்.

மூன்றாவது வழிதான் கடன் மாற்றம். குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றுவது. இயற்கைப் பேரிடர் பாதித்த பகுதிகளுக்காக ரிசர்வ் வங்கி 2018-ல் வெளியிட்ட வழிமுறையை வைத்துத்தான் நாங்கள் எழுதினோம். இந்த மாதிரி வழிமுறைகள் அவ்வப்போது மாறும், அதனால் மனு எழுதும் நாளில் நடப்பில் இருக்கும் சுற்றறிக்கை எது என்று மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகத்தில் கேட்டு, அந்த எண்ணையும் தேதியையும் மனுவில் போடுங்கள்.

2018 வழிமுறைப்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால்தான் பேச்சே ஆரம்பம். 33-லிருந்து 50 வரை என்றால் திருப்பிக் கட்ட அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 50-ம் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரை. இரண்டிலும் முதல் ஓராண்டு தவணை கிடையாது. அந்த ஆண்டு கட்ட வேண்டிய வட்டியும் அசலோடு சேர்ந்து தவணைக் கடனாகும். கூடுதல் ஈடு கேட்கக் கூடாது. கணக்கு நிலுவையாகக் காட்டப்படாது, அதனால் அடுத்த பயிருக்குப் புதுக் கடன் வாங்கவும் வழி இருக்கிறது.

விலை இல்லாமல் இது வருவதில்லை. மாற்றிய கடனுக்கு வட்டி மானியம் பொதுவாக முதல் ஆண்டுக்கு மட்டும்தான். இரண்டாம் ஆண்டிலிருந்து வங்கியின் வழக்கமான வட்டி. கணக்குக்காக அதை 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,07,000 ரூபாய்க்கு முதல் ஆண்டு வட்டி 7,490. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்கு தவணை, ஒவ்வொன்றிலும் அசல் 26,750. ஐந்தாண்டில் வட்டி மட்டும் மொத்தம் 34,000 ரூபாயைத் தாண்டுகிறது. கட்டி எடுப்பவர் ஓராண்டை 6,140-ல் நகர்த்துகிறார் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் கட்டி எடுப்பதுதான் லாபமா? பணம் புரட்ட முடிந்தவருக்கு ஆமாம். முடியாதவருக்கு அது வழியே இல்லை. நகை ஏற்கெனவே அடகில் இருக்க, ஒரு லட்சத்தை வெளியே வாங்கி, கிளையில் ஏதாவது இழுத்துவிட்டால் மாதம் இரண்டாயிரம் வட்டிக்கே போகும். அவருக்கு ஐந்தாண்டில் 34,000 என்பது கனமான விலைதான், ஆனால் தெரிந்த விலை.

இரண்டாண்டு மாற்றத்தைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் யோசித்தோம். 33-க்கும் 50-க்கும் இடையில் சேதம் உள்ளவர்களுக்கு அது சலுகை போலத் தெரியும். முதல் ஆண்டு தவணை இல்லை, சரி. இரண்டாம் ஆண்டு முடிவில் 1,07,000 அசலும் 10,700 வட்டியும் ஒரே தவணையில் நிற்கும். அதே அறுவடையிலிருந்து புதுப் பயிர்க்கடன் ஒரு லட்சத்தையும் கட்ட வேண்டும். மூன்று ஏக்கரில் ஏக்கருக்கு 25 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ என்று முழுதாக விளைந்தாலும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டித்தான் வரும். இரண்டு லட்சத்துக்கு மேல் எங்கிருந்து கட்டுவது? ஆகவே இரண்டாண்டுப் பிரிவில் வருபவர்கள் மாற்றம் கேட்பதைவிடக் கட்டி எடுப்பதே மேல் என்பது என் முடிவு.

எங்களில் கிணறு இருந்த நான்கு பேர் அந்தப் பிரிவில் வந்தார்கள். நாலு பேருமே கட்டி எடுத்தார்கள். ஒருவருக்கு மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார், மற்றவர்கள் ஆடு விற்றும் கைமாற்று வாங்கியும் சமாளித்தார்கள். நிலுவையில் சிக்கிய இரண்டு பேர் போக, மீதி எட்டுப் பேர் கடன் மாற்றம் கேட்டோம். இனி எழுதுவது எங்கள் எட்டுப் பேரின் மனுவைப் பற்றி.

கடன் ஆளுக்கு ஆள் தனி. குழுவாக ஒரே மனு கொடுத்து எட்டுக் கையெழுத்துப் போட்டால் அது கோரிக்கைதான், விண்ணப்பம் ஆகாது. அதனால் பொதுவாக ஒரு முகப்புக் கடிதம், அதன் பின்னால் ஆளுக்கொரு பக்கம் என்று வைத்தோம். அந்தப் பக்கத்தில் கணக்கு எண், கடன் வாங்கிய தேதி, கெடு, சர்வே எண், பரப்பு, சேத விவரம், "மாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன்" என்ற வரி, கையெழுத்து. முகப்புக் கடிதத்தின் பொருள் வரியை மூன்று தடவை அடித்து எழுதினோம். முதல் வடிவில் "கால நீட்டிப்பு வழங்கக் கோருதல்" என்று இருந்தது. கடைசியில் நின்றது இது:

"பொருள்: வடகிழக்குப் பருவமழை இடையில் நின்றதால் சம்பா நெல் 50 சதவீதத்துக்கு மேல் சேதமடைந்தமை. குறுகிய காலப் பயிர்க்கடனை ஓராண்டு தவணை விடுப்புடன் ஐந்தாண்டுத் தவணைக் கடனாக மாற்றவும், வரும் பருவத்துக்குப் புதிய பயிர்க்கடன் வழங்கவும் கோருதல்."

நீட்டிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டதும் மனு போகிற மேசையே மாறிவிட்டது. கிளை மேலாளர் தானாக இதைச் செய்ய முடியாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவோ மாநில அளவிலான வங்கியாளர் குழுவோ, இந்தப் பகுதியில் பேரிடர் சேதம் இருக்கிறது என்று ஏற்க வேண்டும். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது, அப்படி ஓர் அறிவிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலான பயிர் பட்டுப்போனது கண்ணெதிரே தெரியும்போது, கண்மதிப்பீட்டை வைத்தே அந்தக் குழு முடிவெடுக்க அந்த வழிமுறையில் இடம் இருந்தது. ஆகவே மனுவின் நகலை முன்னோடி வங்கி மேலாளருக்கும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியருக்கும் கொடுத்தோம். கிளையில் கொடுத்த நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டோம். மறுசீரமைப்பை மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று வழிமுறை சொன்னதால், தேதி இல்லாத மனுவுக்கு மதிப்பில்லை.

இனி ஆதாரம். இதில்தான் நாங்கள் அதிக நாள் செலவழித்தோம்.

மழைக் கணக்கை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டபோது முதலில் கிடைத்தது பருவத்தின் மொத்த மழை. அதைப் பார்த்தால் குறை பெரிதாகத் தெரியவில்லை. ஐப்பசியில் நான்கைந்து நாளில் கொட்டித் தீர்த்தது மொத்தத்தைத் தூக்கிக் காட்டியது. அதை இணைத்திருந்தால் எங்கள் மனுவை நாங்களே அடித்துக்கொண்ட மாதிரி. நாள்வாரி அளவைக் கேட்டு வாங்கினோம். விதைத்த தேதி, பூத்த தேதி, கடைசி மழை பெய்த தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். 120 நாள் நெல் 90-ம் நாளை ஒட்டிப் பூக்கும், அதற்கு அடுத்த ஒரு மாதம்தான் மணி பிடிக்கும் காலம். எங்கள் தாளில் அந்த ஒரு மாதம் முழுக்கச் சைபர். ஆய்வுக்கு வந்தவர் வேறெதையும் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

அடுத்தது சேத அளவு. கிராம நிர்வாக அலுவலரிடம் "60 சதவீதம் சேதம்" என்று ஒரு சான்று வாங்கிவிடலாம் என்று நினைத்தோம். ஆனால் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து எடுக்கும் கூட்டுக் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வங்கி அதைக் கணக்கில் எடுக்கும். அந்தக் கணக்கெடுப்பை எங்கள் ஊருக்கு வரவைக்க, அறுப்புக்கு முன் நாங்களே ஒரு வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டினோம். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு நெல்லில் எடுக்கும் அதே அளவு. உதவி வேளாண் அலுவலரை அழைத்து, அவர் முன்னால் அறுத்து, அடித்து, தூற்றி எடை போட்டோம். 3.6 கிலோ. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர், இது 25 சதுர மீட்டர், ஆக ஏக்கருக்கு 583 கிலோ. முந்தைய ஆண்டுகளின் கொள்முதல் நிலைய ரசீதுகள்படி எங்கள் சராசரி 1,500. சேதம் 61 சதவீதம். தூற்றாமல் எடை போட்டிருந்தால் சாவியும் சேர்ந்து சேதம் குறைவாகக் காட்டியிருக்கும். எங்கள் அளவீடு அரசுக் கணக்கு ஆகாது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால்தான், அறுப்பதற்குள் கணக்கெடுப்புக்கு வந்தார்கள். அறுத்த பிறகு வயலில் நிற்கும் வெறும் தாளைக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது.

படங்களும் அப்படித்தான். தேதியும் இடக் குறியீடும் பதியும்படி, கதிர் நிற்கும்போதே, வயலுக்கு மூன்று எடுத்தோம். தூரத்திலிருந்து ஒன்று, கதிரைக் கையில் பிடித்து ஒன்று, சர்வே கல்லோ கிணற்று மேடோ தெரிய ஒன்று. வறண்ட கண்மாயையும் கலுங்கையும் ஒரு தடவை எடுத்தால் போதும்.

எட்டுப் பேர் சேதத்தையும் ஒரே அளவாக எழுதிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேட்டு மடைக்காரருக்கு 70, பள்ளத்தில் இருப்பவருக்கு 54. அப்படியே எழுதினோம். முடிவு பெரும்பாலும் கிராம அளவில் குறிக்கும் சதவீதத்தை ஒட்டித்தான் வரும், ஆனால் கிளையிலிருந்து வருபவர் ஏதோ ஒருவர் வயலில்தான் இறங்குவார். அந்த ஒரு வயலில் எண் பொய்த்தால் மற்ற ஏழு பேரின் தாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கடைசியாக அடங்கல். இரண்டு பேருக்கு இதில் சிக்கல் வந்தது. ஒருவர் வங்கியில் கொடுத்த சர்வே எண் வேறு, பயிர் வைத்தது அண்ணனோடு பிரித்துக்கொண்ட வேறு எண்ணில். இன்னொருவருக்கு அந்தப் பசலியில் "தரிசு" என்றே பதிந்திருந்தது. தரிசு நிலத்தில் பயிர் சாக முடியாது, வங்கி கேட்பதில் தப்பில்லை. கிராம நிர்வாக அலுவலர் திரும்ப வந்து பார்த்துப் பதிவைத் திருத்தினார், அதற்கு ஐந்து வாரம் ஆனது. விதைத்த மாதத்திலேயே அடங்கலை வாங்கிப் பார்த்திருந்தால் ஒரு நாள் வேலை.

மற்ற யோசனைகளை நாங்கள் அதிக நேரம் பேசவில்லை. பயிர்க் காப்பீடு கிராமச் சராசரி விளைச்சலை வைத்து வருவது, எப்போது வரும் என்று தேதி சொல்ல முடியாது. வந்தால் கடன் கணக்கில் வரவு வைக்கச் சம்மதம் என்று மனுவில் ஒரு வரி சேர்த்தோம், அவ்வளவுதான். தள்ளுபடிக்குக் காத்திருப்போம் என்றவர்களுக்கு நான் சொன்னது, 2021-ல் தமிழக அரசு தள்ளுபடி செய்த 12,110 கோடியும் கூட்டுறவுப் பயிர்க்கடன், எங்களுடையது வணிக வங்கிக் கடன். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் உள்ளவர்களுக்கும் மத்திய காலக் கடனாக மாற்றும் முறை உண்டு. அது சங்கம், மத்தியக் கூட்டுறவு வங்கி வழியாகப் போகும் தனிப் பாதை. கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை என்ற சலுகையை அங்கே இழக்க நேரும் என்பதால் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

பங்குனி கடைசியில் எங்கள் பிர்க்காவுக்கு முடிவு வந்தது. ஆறு பேருக்கு முதலில் மாற்றினார்கள், அடங்கல் திருத்திய இரண்டு பேருக்குப் பிறகு. புதுக் கடனை நான் ஒரு லட்சம் எடுக்கவில்லை, ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் ஐம்பதாயிரம் எடுத்தேன். இரண்டாம் ஆண்டு பழைய கடனுக்கே அசலும் வட்டியுமாக 37,450 கட்ட வேண்டும், அதற்கு மேல் இன்னொரு லட்சம் என் நிலத்தால் தாங்காது.

கையெழுத்துப் போடும் அன்று ஒன்றைக் கவனித்தோம். தவணை மாதத்தைக் கணினி தானாக மாற்றிய தேதியிலிருந்து எண்ணி, பங்குனி என்று போட்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் கணக்கில் ஏறச் சில சமயம் சித்திரை ஆகிவிடும். மே 15 என்று மாற்றித் தரக் கேட்டோம். அந்த மேசையில் இருந்த அலுவலர் எட்டுப் பேர் தாளிலும் தேதியை அடித்து, மே 15 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.